திருமண நிலை என்ற கட்டம்

எனக்குக் காத்திருக்க வராது. பஸ் பத்து நிமிடம் தாமதமானால் நடக்கத் தொடங்கிவிடுவேன். அந்தக் குணம்தான் என்னை அந்த ரெஸ்யூமேயில் கொண்டுபோய் மாட்டிவிட்டது.

ஜவ்வாது மலையில் வீடு, போளூரில் ஒரு தனியார் மருத்துவமனையில் ஸ்டாஃப் நர்ஸ் வேலை. சவுதி மருத்துவமனை ஒன்றுக்கு நர்ஸ்கள் தேவை என்று சென்னையில் உள்ள அரசு ஆள்சேர்ப்பு அலுவலகம் அறிவித்திருந்தது. சம்பளத்தைவிட அந்தத் தூரம்தான் எனக்குப் பிடித்தது. என் கணவரின் ஊர் வழியாகப் போகிற பஸ்ஸில் ஏறும்போதெல்லாம் ஜன்னல் பக்கம் திரும்பாமல் உட்கார்ந்து அலுத்துவிட்டேன்.

அவர் வேறொருத்தியோடு போய்விட்டார். எங்கள் மலையில் இதற்குக் கோர்ட்டுக்கு யாரும் போவதில்லை. ஊர்ப் பெரியவர்கள் கூடினார்கள், பேசினார்கள், கல்யாணத்துக்கு மாப்பிள்ளை வீட்டார் தந்த பரியப் பணத்தை எங்கள் வீட்டில் திருப்பிக் கொடுத்தார்கள், அன்றோடு உறவு முடிந்தது. அதற்குப் பிறகு என்னை யாரும் அவர் பெண்டாட்டி என்று சொன்னதில்லை.

போளூர் பஸ் நிலையம் அருகே பிரவுசிங் சென்டர் வைத்திருக்கும் பெண், கல்லூரியில் நான் தயாரித்த ஒற்றைப் பக்க ரெஸ்யூமேயைப் பார்த்துத் தலையில் கை வைத்தாள்.

"இன்னாக்கா இது? போட்டோ இல்ல, பொறந்த தேதி இல்ல, பாஸ்போர்ட் நம்பர்கூட இல்ல. இது இங்க ஓடும், கல்ஃபுக்கு ஓடாது."

"அவங்களுக்கு என் வேலை தெரிஞ்சா போதாதா?"

"விசா எடுக்கிறது அவங்கதானே? வயசு, நாடு, மதம் எல்லாம் பார்ப்பாங்க. சொல்லு, நான் அடிக்கிறேன்."

வெள்ளைப் பின்னணியில் புகைப்படம், பாஸ்போர்ட்டில் உள்ளபடியே பிறந்த தேதி, பாஸ்போர்ட் காலாவதியாகும் நாள், தெரிந்த மொழிகள், நர்சிங் கவுன்சில் பதிவு எண், எத்தனை படுக்கை மருத்துவமனை, எந்த வார்டு, வேலையை விட எத்தனை நாள் அவகாசம் வேண்டும் என்று ஒவ்வொன்றாகக் கேட்டு அடித்தாள். ஆர்வமாகப் பதில் சொல்லிக்கொண்டே வந்தேன். திருமண நிலை என்ற கட்டம் வந்தது.

"சிங்கிள்னு போடு" என்றேன்.

அவள் நிமிர்ந்து பார்த்தாள். அவளுக்கு என் கதை தெரியும். "யோசிச்சு சொல்லுக்கா" என்றாள்.

"யோசிச்சாச்சு. போடு."

ரெஸ்யூமேயையும் பாஸ்போர்ட் நகலையும் அன்றே அனுப்பினேன். மலையில் எங்கள் வீட்டருகே சிக்னல் கிடையாது. ஞாயிற்றுக்கிழமை மட்டும் ஏழு தடவை பஸ் ரோட்டு வளைவுக்கு நடந்து போய் மெயில் பார்த்தேன். அம்மா திட்டித் தீர்த்தாள்.

திங்கள் காலை பதில் வந்தது. பாஸ்போர்ட்டின் கடைசிப் பக்கத்தில் கணவர் பெயர் இருக்கிறது, ரெஸ்யூமேயில் சிங்கிள் என்று இருக்கிறது, மாலைக்குள் திருத்தி அனுப்பாவிட்டால் பட்டியலில் சேர்க்க முடியாது.

கல்யாணமான புதிதில், இரண்டு பேரும் வெளிநாடு போகலாம் என்று அவரே ஆசை காட்டி எடுக்கவைத்த பாஸ்போர்ட் அது. எனக்கு வந்த கோபத்தில் அதைக் கிழித்திருப்பேன். உடனே அந்த அலுவலகத்துக்குப் போன் செய்தேன்.

"ஊர்ல தீர்த்து வச்சிட்டாங்க சார். டைவர்ஸ்டுன்னு போடலாமா?"

"போடலாம்மா. அதுக்குப் பேப்பர் இருக்கா?"

"பேப்பர் இல்ல சார். ஊரே சாட்சி."

"ஊர் சாட்சியை அங்க அனுப்ப முடியாதும்மா. பாஸ்போர்ட்ல பேரை எடுத்துட்டு அடுத்த தடவை அப்ளை பண்ணுங்க. இல்லன்னா பாஸ்போர்ட்ல இருக்கிற மாதிரியே போட்டுடுங்க."

அடுத்த தடவை எப்போது என்று அவருக்கே தெரியவில்லை. மறுபடி பிரவுசிங் சென்டருக்குப் போனேன். உட்கார முடியாமல் வாசலுக்கும் மேசைக்குமாக நடந்தேன். கடைசியில் நானே கீபோர்டை இழுத்து 'மேரீட்' என்று அடித்தேன். ஊர் கூடித் தீர்த்துவைத்த கல்யாணத்தை நான் ஒரு விரலால் திரும்பக் கட்டிக்கொண்டேன். வெட்கமாக இருந்தது, அழுகையும் வந்தது.

"விடுக்கா, ஒரு வார்த்தைதானே" என்றாள் அந்தப் பெண். எனக்கு அது ஒரு வார்த்தையாக இல்லை.

வீடியோ நேர்காணலில் சவுதி டாக்டர் வார்டு பற்றியும் ஊசி மருந்துகள் பற்றியும் கேட்டார். தடுமாறாமல் சொன்னேன். பிறகு கூடவே இருந்த சென்னை அலுவலகத்தின் வேறொரு அதிகாரி ரெஸ்யூமேயைப் புரட்டிவிட்டுத் தமிழில் கேட்டார்.

"கல்யாணம் ஆனவங்க. வீட்டுக்காரர் அனுப்புவாராம்மா?"

மேசைக்கு அடியில் என் கால் ஆடுவது நின்றது.

"அவர் எப்பவோ அனுப்பிட்டாருங்க சார்."

அதிகாரி மகிழ்ந்து போனார். "பரவாயில்லையே, நல்ல மனுஷன்" என்று சொல்லிக்கொண்டே என் பெயருக்கு நேரே டிக் அடித்தார்.