சாருக்கென்று எடுத்து வைத்த கலவா

என்ன வேலை என்று உறவினர்கள் கேட்டால் மீன் அளக்கிறேன் என்பேன். அதற்குமேல் யாரும் கேட்பதில்லை. மீன்வள ஆய்வு அலுவலகம் ஒன்றின் கள ஊழியன் நான். ஊரப்பாக்கத்திலிருந்து பைக்கில் மாமல்லபுரம் தாண்டி ஒரு குப்பத்துக்குப் போவேன். கரைக்கு வரும் கலவா மீன்களைப் பலகையில் கிடத்தி, மூக்கிலிருந்து வால் வரை நீளம் பார்த்து எழுதுவேன். அலுவலகத்தில் அதை வைத்துத்தான் கடலின் உடல்நிலை கணிக்கப்படும்.

கணக்கின் சாரம் எளிது. கலவா கடலடிப் பாறைத்திட்டை விட்டு அதிகம் நகராது; மெதுவாக வளரும். திட்டில் மீன் நிரம்பி வழிந்தால் இரைக்குப் போட்டி, கூட்டம் பெருகாது. மிகக் குறைந்துவிட்டால் முட்டையிட மீன் இல்லை, அப்போதும் பெருகாது. இடையில் ஓர் அளவில்தான் பெருக்கம் உச்சத்தில் இருக்கும். அந்தப் பெருக்கத்தை மட்டும் எடுத்தால் வருடாவருடம் எடுக்கலாம். அதைத் தாண்டினால் மூலதனத்திலேயே கை வைக்கிறோம். அடுத்த வருடப் பெருக்கமும் சுருங்கும். ஆகவே வரம்பை அந்த உச்சத்துக்குச் சற்றுக் கீழேயே வைப்பார்கள். அளப்பவர்களில் என்னைப் போன்றவர்களும் இருப்பதால் அந்த இடைவெளி தேவைப்படுகிறது.

போன வருடம் குப்பத்துப் பஞ்சாயத்து எங்கள் கணிப்பைக் கேட்டுப் படகுக்கு நாளொன்றுக்கு இரண்டு பெட்டி கலவா என்று முடிவு செய்தது. நான் அளந்த மீன்கள் எல்லாம் நீளமானவை. ஓயாமல் பிடிக்கப்படும் திட்டில் எந்த மீனும் அவ்வளவு வளரும்வரை தப்பாது. ஆகவே திட்டு சௌக்கியம் என்றது கணக்கு. நான் கொஞ்சம் நிமிர்ந்து நடந்தேன்.

இந்த வருடம் வரம்பை மறுபடி பார்க்க வேண்டிய வேளையில், ஒரு நாள் டீ குடிக்காமல் சீக்கிரமே போய்விட்டேன். கணவர் கொண்டுவரும் மீனை ஏலம் விடும் அக்கா, மணலில் குந்திப் பிரித்துக்கொண்டிருந்தார். பெரியதெல்லாம் நீலப் பெட்டியில். மற்றவை படகோரத்தில், தார்ப்பாய்க்கு அடியில். நீலப் பெட்டிதான் தினமும் என் முன்னால் வரும்.

“இன்னா சாரே, அதுக்குள்ள வந்துட்ட? இரு, உனக்குத்தான் எடுத்து வெச்சிக்கினு இருக்கேன்.”

“அது இன்னாக்கா, தார்ப்பாய்க்கு அடியில?”

“அது பொடிசு. பலகையெல்லாம் தூக்கிக்கினு அவ்ளோ தூரத்துலேர்ந்து வர்ற ஆளுக்குப் பொடிசையா காட்றது? மானம் போய்டாது?”

மற்ற வீட்டுப் பெண்களும் அப்படித்தான் செய்திருந்தார்கள். மாப்பிள்ளைக்கு நல்ல துண்டு வைப்பதுபோல் எனக்கு நல்ல மீன் வைத்தார்கள். பெட்டியைக் கலைத்துப் பாராமல் எடுக்க வேண்டும் என்பது எங்கள் பயிற்சியின் முதல் பாடம். உபசாரம் சுகமாக இருந்தது, பாடம் மறந்துவிட்டது.

அன்று முதல் தார்ப்பாய்க்கு அடியிலிருந்ததையும் அளந்தேன். சராசரி சரிந்தது. புதுக் கணக்கில் திட்டு சௌக்கியமாக இல்லை. ஒரு பெட்டிக்குமேல் தாங்காது. அதாவது அந்த அக்கா வீட்டு வருமானத்தில் பாதி போய்விடும்.

ஏலக் கொட்டகையில் பஞ்சாயத்து கூடியது. எழுந்து, நான் தவறாக அளந்துவிட்டேன் என்றேன். அக்காவைச் சொல்லக்கூடாது என்று நினைத்திருந்தேன். அதில் ஒரு பெருந்தன்மை இருப்பதாகவும் நினைத்துக்கொண்டேன். உண்மையில், தவறு என்னுடையது என்பது வெறும் தகவல்.

பின்வரிசையிலிருந்து ஒரு குரல், “யோவ், போன வருசம் ரெண்டுன்ன, இப்ப ஒன்னுன்ற. அடுத்த வருசம் தூண்டிலையே புடுங்கிக்கினு போவியா?”

அக்கா எழுந்தார். “அவரு மேல இன்னாத்துக்குப் பாயற? பெரிசா பொறுக்கிக் குடுத்தது நாங்க. உன் பொண்டாட்டியும்தான். போய்க் கேளு.”

கொட்டகை சிரித்தது. அக்கா சிரிக்கவில்லை. நெடுநேரம் சத்தம் போட்டுவிட்டு ஒரு பெட்டிக்கு ஒப்புக்கொண்டார்கள். என்மேல் நம்பிக்கை வந்து அல்ல. பெரியது அருகிவருவது அவர்களுக்கும் கண்ணில் பட்டிருந்தது. தினமும் எனக்காகப் பொறுக்கியவர்கள் ஆயிற்றே.

மறுநாள் அக்கா பிரிக்காத பெட்டியை என் முன்னால் தள்ளினார்.

“ஒரு பொட்டியோட நிறுத்திக்கினா, மீனு எப்ப சாரே பெருசாவும்?”

“ஒரு வருசத்துல ஆவாதுக்கா. கலவா மெதுவாத்தான் வளரும்.”

“அப்போ எத்தினி வருசம்?”

“உறுதியா சொல்ல முடியாது.”

“ரெண்டு பொட்டி எடுக்கலாம்னு மட்டும் உறுதியா சொன்ன?”

கையை விட்டுப் பெட்டியைக் கலைத்து, பாராமல் ஒரு மீனை எடுத்துப் பலகையில் கிடத்தினேன். சிறியது. இன்னொரு முறை எடுக்கலாமா என்று ஒரு கணம் தோன்றியது. நீளத்தை எழுதினேன்.