பெட்டியிலிருந்து எடுத்த முழுக்கை கவுன்

வில்லியனூர் கடைத்தெருவில் ஒரு ரெடிமேட் கடையில் நான் ஐந்து வருடமாக வேலை பார்க்கிறேன். நெட்டப்பாக்கம் பக்கத்திலிருந்து தினமும் பஸ்ஸில் வருவேன். கடையின் போன் என் பொறுப்பு. துணிகளைப் படம் எடுத்து எங்கள் இணையப் பக்கத்தில் போடுவது, ஆர்டர் வந்தால் எடுத்து வைத்துக் கட்டுவது, கூரியருக்குக் கொடுப்பது எல்லாம் நான்தான். கடையில் தொங்குகிற துணியும் இணையப் பக்கத்தில் இருக்கிற துணியும் ஒன்றே. ஓரிடத்தில் விற்றால் இன்னோரிடத்தில் நாமே கணக்கில் கழிக்க வேண்டும்.

மாதா கோயிலில் புதுநன்மை, அதாவது முதல் நற்கருணை, வாங்கும் பிள்ளைகளுக்கான வெள்ளைக் கவுன்களில் ஒன்பது வயது அளவில் முழுக்கை வைத்தது ஒன்றே ஒன்று மிச்சம் இருந்தது. ஒரு சனிக்கிழமை பாகூரிலிருந்து ஒரு பெண் அதை ஆர்டர் செய்து பணமும் கட்டினார். குறிப்பில் ஒரு வரி எழுதியிருந்தார்: ‘முழுக்கைதான் வேணும், பாப்பா கையில வெந்நீர் பட்ட தழும்பு இருக்கு.’ உடனே இணையப் பக்கத்திலிருந்து அதை எடுத்துவிட்டு, கவுனை மடித்துப் பெட்டியில் வைத்து, அவர் பெயர் எழுதி ஒட்டிவிட்டு வீட்டுக்குப் போனேன்.

திங்கட்கிழமை கூரியர்காரர் வந்தபோது பெட்டி லேசாக இருந்தது. உள்ளே வெறும் பிளாஸ்டிக் கவர். கடைக்காரம்மாவைக் கேட்டேன். ஞாயிற்றுக்கிழமை அவர் நாத்தனார் வந்தாராம். நாத்தனாரின் பேத்திக்கு அந்தக் கவுன் பிடித்துவிட்டதால் எடுத்துக் கொடுத்துவிட்டாராம்.

“கடையில வித்துப்போச்சுன்னு மெசேஜ் போடு. பணம் வேணுமா, அரைக்கை கவுன் வேணுமான்னு கேளு. துணி ஒண்ணுதானே” என்றார்.

குறிப்பைப் படித்துக் காட்டினேன். அவர் பில் புத்தகத்திலிருந்து தலையைத் தூக்கவில்லை. நான் சண்டை போட்டிருக்கலாம். போடவில்லை. டைப் செய்தேன்.

‘வணக்கம். நீங்கள் ஆர்டர் செய்த முழுக்கை கவுன் எங்கள் கடையில் நேரடி விற்பனையில் தீர்ந்துவிட்டதால் ஆர்டரை ரத்து செய்ய வேண்டியுள்ளது. வருந்துகிறோம். முழுப் பணத்தையும் திருப்பி அனுப்புகிறோம். அல்லது அதே அளவில், அதே துணியில் அரைக்கை கவுன் உள்ளது. எது வேண்டும் எனத் தெரிவிக்கவும்.’

படித்ததற்கான நீல டிக் வந்தது. பதில் வரவில்லை.

மறுநாள் காலை அவரே வந்துவிட்டார், கம்பெனிக்கு லீவு போட்டுவிட்டு, மகளையும் கூட்டிக்கொண்டு. வரும் ஞாயிறு புதுநன்மைப் பூசை என்றார். கடைக்காரம்மா சிரித்த முகத்தோடு அரைக்கை கவுனை எடுத்து அந்தப் பிள்ளையின் தோளில் வைத்துப் பார்த்தார். பிள்ளை, போட்டிருந்த சட்டையின் கையை விரல் மறையும்வரை இழுத்துவிட்டுக்கொண்டது.

கடைக்காரம்மாவின் முகம் மாறியது. நாத்தனாருக்குப் போன் செய்தார். அவர்கள் ஏற்கெனவே பேத்தியின் உடம்புக்கு ஏற்றபடி கவுனைப் பிடித்துத் தைத்துவிட்டார்களாம். திருப்பித் தர முடியாதாம்.

“இன்னா பண்றது, ஒரே பீஸ். நீங்க பாக்கறதுக்குள்ள வித்துப்போச்சு” என்று கடைக்காரம்மா அந்தத் தாயிடம் ஆரம்பித்ததும் என்னால் பொறுக்க முடியவில்லை.

“விக்கல அக்கா. இவங்க பேர் ஒட்டின பெட்டியப் பிரிச்சி நீங்க எடுத்துக் குடுத்தீங்க” என்றேன். கடையில் இன்னும் இரண்டு பேர் துணி பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

அந்தத் தாய் கடைக்காரம்மாவை விட்டுவிட்டு என் பக்கம் திரும்பினார்.

“மெசேஜ் போட்டது யாரு?”

“நான்தான்.”

“தெரிஞ்சிதான போட்ட? இப்ப இன்னாத்துக்கு எனக்காகப் பேசற?”

பணத்தை அனுப்பச் சொன்னார். அவர் கண் முன்னாலேயே போனில் திருப்பி அனுப்பினேன். அவர் வெளியே இறங்கியதும், யாரையும் கேட்காமல் நானும் பின்னால் இறங்கினேன். மூன்று கடை தள்ளி வெள்ளைத் துணி வாங்கவும், பின்தெரு டெய்லரிடம் போகவும் வழி காட்டினேன். டெய்லர் முதலில் முடியாது என்றார். நான் விடாமல் நின்றேன். கடைசியில் சனிக்கிழமைக்குள் தருகிறேன் என்று பிள்ளையின் கையை அளந்தார். அந்தத் தாய் டெய்லருக்கு நன்றி சொன்னார். என்னிடம் கடைசிவரை ஒரு வார்த்தை பேசவில்லை. சனிக்கிழமை கவுன் முடிந்து அவர் வந்து வாங்கிப்போனதை டெய்லரிடம் கேட்டுத் தெரிந்துகொண்டேன்.

டெய்லரிடமிருந்து அன்று கடைக்குத் திரும்பியதும் கடைக்காரம்மா, ஆள் முன்னால் மானத்தை வாங்கிவிட்டதாகக் கத்தினார். நானும் விடவில்லை. பெயர் ஒட்டின பெட்டியை இனி யார் பிரித்தாலும், நடந்தது நடந்தபடியேதான் மெசேஜ் போடுவேன் என்றேன். வேலையை விட்டுப் போ என்று அவர் சொல்லவில்லை. அதற்குப் பிறகு பெட்டியைத் தொட்டதுமில்லை.

அவர்மேல் இருந்த கோபம் சில மாதத்தில் தணிந்தது. ‘தீர்ந்துவிட்டதால்’ என்று டைப் செய்த என்மேல் இருக்கிற கோபம் தணியவே இல்லை.