பளிச்சக்கா அள்ளிய சருகு

எங்கள் தொடக்கப்பள்ளியைக் கூட்டிப் பெருக்குகிறவளுக்குப் பளிச்சக்கா என்று பெயர் வைத்தது நான்தான். விடிவதற்குள் வந்து, மணியடிக்கும் முன் முற்றத்தைத் துடைத்துவைத்த தட்டு போல ஆக்கிவிட்டுப் போய்விடுவாள். ஓர் இலை கிடந்தால் அவளுக்குத் தூக்கம் வராது. நான் சமையல்காரி. எனக்கு எல்லார் மேலும் சந்தேகம். உப்பு டப்பா இடம் மாறியிருந்தால்கூட யார் என்று விசாரிக்காமல் அடுப்பு பற்றவைக்க மாட்டேன்.

மூன்றாம் வகுப்பு டீச்சர் பின்பக்கம் ஒரு உரக்குழி வெட்டினார். மதியம் சாப்பாடு முடிந்ததும் பிள்ளைகள் என்னிடம் காய்த்தோலை ஒரு வாளியில் வாங்கிக்கொண்டு போய்க் கொட்டுவார்கள். மேலே காய்ந்த சருகை மூடுவார்கள். மக்கி மண்ணானதும் அதில் கீரை விதைப்பதாகப் பேச்சு.

இரண்டாவது வாரம் நாறியது பாருங்கள், அழுகின முட்டை தோற்றது! ஈ மொய்த்து என் அடுப்படிக்குள் வந்தது. தலைமையாசிரியை மூக்கைப் பொத்திக்கொண்டு வந்தார்.

"உங்க சமையல்கட்டுக் கழிவுதானே? வெள்ளிக்கிழமைக்குள்ள நாத்தம் போகலேன்னா குழியை மூடிடுவேன். சமையலுக்கும் வேற ஆள் பாக்கச் சொல்லி எழுதிடுவேன்."

பகீரென்றது. பதினோரு வருஷ வேலை. நான் கொட்டினது வெறும் தோல், காம்பு. பிறகு எப்படி நாறும்? பளிச்சக்கா வீடு மீன் சந்தைக்குப் பின்னால். கையில் எந்நேரமும் ஒரு சாக்கு. போதாதா எனக்கு?

"அவதாம்மா. சந்தையிலேருந்து மீன் கழிவைக் கொண்டாந்து கொட்டுறா, நான் பார்த்தேன்" என்று சொல்லிவிட்டேன். பார்க்கவே இல்லை. வாய் சும்மா இருந்ததா!

புதன்கிழமை காலை டீச்சர் ஒரு குச்சியால் குழியைக் கிளறினார். கொழகொழவென்று கறுப்புச் சேறு வந்தது. மீன் முள் ஒன்றுகூட இல்லை. டீச்சர் நெற்றியைச் சுருக்கினார்.

"சருகு அமுங்கிப்போச்சுன்னுல்ல நினைச்சேன், ஒண்ணுகூடக் காணோமே! ரெண்டு வாரத்துல மக்காதே. ஈரக் கழிவு மட்டும் கிடந்தா காத்துப் போகாம அழுகத்தானே செய்யும்? பிள்ளைங்களா, யாராவது எடுத்தீங்களா?"

பிள்ளைகள் ஒருவரையொருவர் முறைத்தார்கள். இனி என்னையும் முறைப்பார்கள் என்று பயந்து, வியாழன் விடியலிலேயே வந்து அடுப்படி ஜன்னலுக்குப் பின்னால் நின்றேன்.

பளிச்சக்கா வந்தாள். சாக்கு காலி. முற்றத்தைக் கூட்டினாள். நேராக உரக்குழிக்குப் போய், முந்தின மதியம் பிள்ளைகள் போட்ட சருகைத் துடைப்பத்தால் ஒரு துணுக்கு விடாமல் வழித்துச் சாக்கில் திணித்தாள்.

"ஏய், என்ன பண்றே?" என்று ஓடினேன்.

"குப்பை கிடக்குதே. பிள்ளைங்க பாடம் படிக்கிற இடம்னு சொன்னாங்க. அதான் தினம் சுத்தம் பண்ணுறேன்."

எனக்குச் சிரிப்பு வந்தது. பாடம் நடப்பதோ மதியம், அவள் போவதோ காலை. சருகுதான் அங்கே வேலை செய்கிறது என்று அவளிடம் யாரும் சொல்லவே இல்லை.

டீச்சர் வந்ததும் அவளே பிள்ளைகளைப் போலக் கையைத் தூக்கி, "நான்தாங்க வழிச்செடுத்தேன்" என்றாள். சாக்கைக் கவிழ்த்தோம். பிள்ளைகள் சேற்றோடு சருகைக் கலந்து, அடிவரை புரட்டிவிட்டு, மேலேயும் கனமாக மூடினார்கள். வெள்ளிக்கிழமை நாற்றம் பாதிக்கு மேல் அடங்கியது. தலைமையாசிரியை முகர்ந்து பார்த்துத் தலையாட்டிவிட்டுப் போனார். நாலு நாள் கழித்து டீச்சர் ஒரு இரும்புக் கம்பியைக் குழியின் நடுவில் சொருகி எடுத்தார். தொட்ட பிள்ளைகள் "ஐயோ, சுடுது!" என்று கத்தினார்கள். ஒழுங்காக மக்கத் தொடங்கினால் குழி இப்படித்தான் சூடாகுமாம். என் வேலை பிழைத்தது.

மறுநாள் காலை வேலை முடிந்தும் பளிச்சக்கா வீட்டுக்குப் போகவில்லை. அடுப்படி வாசலில் வந்து நின்றாள்.

"நான் மீன் கழிவு கொட்டுறேன்னு யாரோ பெரிய டீச்சரம்மாகிட்டச் சொல்லியிருக்காங்க. என்னைக் கூப்பிட்டு வேலையை விட்டு நிறுத்துறேன்னாங்க. டீச்சர் பேசித்தான் விட்டாங்க. யாருன்னு சொல்ல மாட்டேங்கறாங்க. நீதான் கண்டுபிடிக்கணும். உன் கண்ணுக்கு எதுவும் தப்பாதே."

கரண்டி கையிலேயே நின்றது. எந்தப் பெயரைச் சொன்னாலும் நம்பியிருப்பாள். வெட்கம் என்றால் என்னவென்று அன்றுதான் தெரிந்தது.

"நான்தான்" என்றேன்.

அவள் என்னைத் திட்டவில்லை. திட்டியிருக்கலாம். உள்ளே எட்டிப் பார்த்து, தரையில் கிடந்த வெங்காயத் தோலைக் கைநிறைய அள்ளினாள். "பிள்ளைங்க வாளியில போட்டுடறேன்" என்று சொல்லிவிட்டு, என் முகத்தைப் பார்க்காமலே போனாள்.