மாத்திரை மீது ஒரு புகார்

மார்ச் நான்காம் தேதியிட்ட புகாரின் முதல் வரி இது: 'தங்கள் மருந்துக்கடையில் எனக்கு விற்கப்பட்ட தூக்க மாத்திரை போலியானது, அதை விழுங்கியும் நான் கொட்டக் கொட்ட விழித்திருக்கிறேன்.' எழுதியவர் மருத்துவமனை கேன்டீனின் டீ மாஸ்டர். எந்தக் காகிதத்தையும் கிழித்தெறியாதவர் என்பதால் உடன் வேலை செய்பவர்கள் அவருக்கு 'சட்டம்' என்று பெயர் வைத்திருந்தார்கள். மருத்துவரின் சீட்டு, ரசீது, மாத்திரையின் காலி அட்டை ஆகிய மூன்றின் நகலும் புகாரோடு இணைக்கப்பட்டிருந்தன.

அவர் கோபத்துக்குக் காரணம் இருந்தது. இரவெல்லாம் புரண்டவர், காலையில் கொதிக்கும் பாய்லர் முன் கண்ணசந்துவிட்டார். மறுபடி நடந்தால் பாத்திரம் கழுவும் பகுதிக்கு மாற்றுவோம் என்று நிர்வாகம் மெமோ கொடுத்துவிட்டது.

மருந்துக்கடைப் பெண் புகாரை நிதானமாகப் படித்தாள்.

"மாத்திரை அசல்தான் அண்ணே. சாயங்காலத்துக்கு மேல டீ, காபி உண்டா?"

"மதியத்தோட சரி, அப்புறம் தொடமாட்டேன். டாக்டர்கிட்டயும் அதான் சொன்னேன். டோஸை ஏத்தலாமான்னு யோசிக்கிறாரு."

கூட வந்திருந்த மனைவி சும்மா இருக்கவில்லை. "தொடமாட்டாராம்! ராத்திரி டியூட்டிக்காரங்களுக்குச் சாயங்காலம் போடுற டீ ஒவ்வொண்ணும் இவரு வாயில பட்டுத்தான் வெளிய போகும்."

"அது ருசி பாக்குறதுடி. குடிக்கிறதா?"

"எவ்வளவு பாப்பீங்க?" என்றாள் கடைக்காரப் பெண்.

"அரை டம்ளர். சொட்டு விட்டா திடம் தெரியுமா?"

"அந்த மாதிரி எத்தனை தடவை?"

அவர் விரலை மடக்கினார். மடக்க மடக்க முகம் மாறியது.

"ருசி எது, குடி எதுன்னு உடம்புக்குத் தெரியாதுண்ணே. தூக்கம் வருதுன்னு மூளைக்குச் சேதி போற வாசலை டீயில இருக்குற காஃபின் அடைச்சுக்கும். மாத்திரை இந்தப் பக்கம் இழுக்க, அது அந்தப் பக்கம் இழுக்கும். உள்ள போனதுல பாதி குறையவே அஞ்சு மணி நேரம் போல ஆகும். சிலருக்கு இன்னும் கூட. மிச்சத்துல பாதி குறைய மறுபடியும் அவ்வளவு நேரம்."

"அப்ப ரெண்டு மாத்திரையா போட்டுட்டா?"

"கூடவே கூடாது. காலையிலயும் மயக்கம் தெளியாம பாய்லர் முன்னால நிப்பீங்க. முதல்ல டாக்டர்கிட்ட இந்த ருசி விஷயத்தைச் சொல்லுங்க."

சொன்னார். மருத்துவர் டோஸை ஏற்றவில்லை. மதியத்துக்குப் பிறகு ஒரு மிடறும் கூடாது என்றார். மாலை ருசி பார்க்கும் வேலை சப்ளையரிடம் போனது. "நம்ம மாஸ்டருக்கு டீயே பத்தியமாம்!" என்று அவன் ஊரெல்லாம் சொல்லிச் சிரித்தான். முதல் சில இரவுகள் அரைத் தூக்கமாகக் கழிந்தன. பிறகு தூக்கம் வந்தது. பகலில் பாய்லர் முன் அவர் தலை ஒருமுறையும் சாயவில்லை.

மருந்துக்கடைக்கு எதிரான புகாரை அவர் எழுத்து மூலமே திரும்பப் பெற்றார். பிறகு நிர்வாகத்துக்கு எழுதினார்: 'கண்ணசந்தது உண்மை. ஆனால் இரவு டீயை மாஸ்டர்தான் ருசி பார்க்க வேண்டும் என்பது உங்கள் உத்தரவு. அதன் நகல் இணைப்பில் உள்ளது. உத்தரவை மாற்றி, மெமோவை ரத்து செய்யவும். முடியாதெனில், ஏன் முடியாது என்பதற்கு எழுத்து மூலம் பதில் தரவும்.'