இருக்கலாம் என்ற சொல்

சேரங்கோடு தேயிலைத் தோட்டத்தில் பூச்சிமருந்து அடித்துவந்த அப்பா மூச்சுத்திணறி இறந்தார். பின்னர் ஊட்டியில், மருந்தடிப்பவர்களின் மூச்சுக்கோளாறு பற்றியே முனைவர் பட்ட ஆய்வு செய்தேன்.

ஆய்வுச் சுருக்கத்தில், "மருந்தால் பல விஷயங்கள் கெடுவதை இந்த ஆய்வு காட்டுகிறது" என்று எழுதியிருந்தேன்.

"எந்த விஷயங்கள்? ஒரே தடவைதான் மருந்தடிக்கிறவங்களைப் பரிசோதிச்சிருக்கீங்க. மருந்துதான் காரணம்னு அதை வெச்சுச் சொல்ல முடியாதுங்க" என்றார் என் ஆய்வு நெறியாளர்.

அது சரிதான். "மருந்தடிக்காதவர்களைவிட மருந்தடிப்பவர்களிடம் இருமலும் மூச்சுத்திணறலும் அதிகம் பதிவாயின, இதற்கும் மருந்துக்கும் தொடர்பு இருக்கலாம்" என்று திருத்தினேன்.

ஞாயிறன்று அம்மாவிடம் வாசித்துக் காட்டினேன்.

"இருக்கலாமா?" என்றாள். "அப்பாவை நீயும் கூடத்தானே இருந்து பார்த்தே?"

"ஒருத்தரைப் பார்த்ததை வெச்சு எழுத முடியாதும்மா."

அவள் எழுந்து அடுப்படிக்குப் போய்விட்டாள். அந்தச் சொல்லை மாற்றாமலே சுருக்கத்தைப் பல்கலைக்கழகத்துக்கு அனுப்பினேன். அதன்பிறகு ஆய்வைப் பற்றி அம்மா கேட்டதேயில்லை.