விழுங்காத புதன்கிழமைகள்

எண்பதுகளின் நடுவில் ஒருநாள், மலேசியாவில் செமோருக்கு அப்பால் எங்கள் ரப்பர் தோட்டப் பள்ளியில், தோட்டத்து ஆஸ்பத்திரி நர்ஸான மிஸி எல்லோர் விரலையும் குத்தினார். மெல்லிய குழாயால் இரத்தத்தை உறிஞ்சி, அமிலம் இருந்த கண்ணாடிக் குழாயில் விட்டார். பக்கத்துப் பழுப்புக் கண்ணாடியின் நிறம் வரும்வரை சொட்டுச் சொட்டாகத் தண்ணீர். எனக்குச் சில சொட்டுகளிலேயே நிறம் ஒத்துப்போயிற்று. அவ்வளவு வெளுத்த இரத்தம். வகுப்பில் பலருக்கும் அப்படித்தான். அதனால் ஆள் பார்க்காமல் எல்லோருக்கும் வயிற்றுப் பூச்சிக்கு மருந்து, பிறகு வாரம் ஒரு இரும்புச்சத்து மாத்திரை.

புதன்கிழமை, சாப்பாட்டு இடைவேளை முடிந்ததும் டீச்சர் முன்னால் விழுங்கி, வாயைத் திறந்து காட்ட வேண்டும். நான் கன்னத்துக்குள் ஒதுக்கிக்கொள்வேன். துருப்பிடித்த ஆணியைச் சப்புவது போலிருக்கும். பிறகு கைக்குட்டை. வீட்டில் அம்மாவிடம், "மிஞ்சினதுன்னு குடுத்தாங்க" என்பேன்.

அம்மா ஐந்து மாதக் கர்ப்பம். பால் வெட்டும்போது தலை சுற்றி மரத்தைக் கட்டிப் பிடித்து நின்றதை நான் பார்த்திருந்தேன். ஆஸ்பத்திரிக்குப் போகமாட்டாள். "போனா வேலைய விட்டு நிறுத்திடுவாங்கடி." விடியுமுன் தேத்தண்ணியோடு என் மாத்திரையை விழுங்கிவிட்டுப் பால் வெட்டக் காட்டுக்குப் போவாள்.

மூன்று மாதத்தில் மறுபடி விரலில் ஊசிக் குத்து. எல்லோருக்கும் ஏறியிருந்தது. எனக்கு மட்டும் அதே நிறம். மிஸி இரண்டு தடவை பார்த்தார்.

"மாத்திர சாப்பிட்டும் ஏறலையே. வேற ரத்த நோயா இருக்கும்லா. ஈப்போ பெரியாஸ்பத்திரிக்கு அனுப்பணும்."

பக்கத்திலிருந்த தோழி காதருகே வந்தாள். "முதுகெலும்புல குத்துவாங்களாம்டி. நீ போனா ஒன் ரொட்டி எனக்கு."

உண்மையைச் சொன்னால் அம்மா மாட்டுவாள். சொல்லாவிட்டால் நான். சொல்லவில்லை.

மாலையில் மிஸி ஈப்போவுக்கான கடிதத்தோடு எங்கள் லயத்து வீட்டுக்கே வந்துவிட்டார். விஷயத்தைக் கேட்ட அம்மா என்னைப் பார்த்தாள். முகம் மெல்ல மாறியது.

"மிஸி, அவ மாத்திரைய நாந்தான் தேத்தண்ணியோட சாப்பிட்டேன். மிஞ்சினதுன்னு சொல்லிச்சு."

மிஸி என்னைத் திட்டவில்லை. அம்மாவின் கீழ் இமையை இழுத்துப் பார்த்தார். உள்ளே சிவப்பே இல்லை.

"வாரத்துக்கு ஒண்ணு புள்ளைங்களுக்கு. ஒங்களுக்கு தெனமும் வேணும்க்கா. அதையும் தேத்தண்ணில முழுங்கினா ஒடம்புல ஒட்டாது. இந்த ரத்தத்த வச்சிக்கிட்டா புள்ள பெத்துக்கப் போறீங்க?"

மிஸி கடிதத்தில் என் பெயரை அடித்து, அம்மாவின் பெயரை எழுதினார்.

மறுநாள் காலை தோட்டத்து வேன் அம்மாவை ஏற்றிக்கொண்டு ஈப்போவுக்குப் போனது. மிஸி என் கையில் ஒரு மாத்திரையும் ஒரு குவளைத் தண்ணீரும் கொடுத்து எதிரே நின்றார். விழுங்கினேன். அம்மாவுக்குப் போக வேண்டியதைத் தின்றுவிட்டேன், அங்கே அவளுக்குக் குறைந்துவிடும் என்று பயந்துகொண்டே வாயைத் திறந்து காட்டினேன்.