லேபிளின் பின்பக்கம் ஒரு வரி

கடைக்காரர்கள் மேல் எனக்கு எப்போதும் கோபம்தான். ராஜபாளையத்தில் எங்கள் வீட்டுப் பின்கட்டில் இட்லிப்பொடியும் பருப்புப்பொடியும் வறுத்து, அரைத்து, பாக்கெட் போடுவது நானும் என் வீட்டுக்காரரும். மிளகாய் நெடியில் இருமுவதும் நாங்கள்தான். கடைக்காரர் வாங்கி ஆணியில் மாட்டுகிறார். அதற்கு விலையில் கால்வாசி அவருக்கு. விற்ற பிறகுதான் எங்களுக்குக் காசு. தேதி முடிந்தாலும் எலி கடித்தாலும் ரிட்டன் என்று எங்கள் தலையில் கட்டிவிடுவார்.

பிழைப்புக்காகச் சென்னை, கோவை என்று போன நம் ஊர்க்காரர்கள் போனில் கேட்க ஆரம்பித்ததும் எனக்குக் கொண்டாட்டமாகிவிட்டது. ஒரே தடவையில் ஐந்தாறு பாக்கெட் வாங்கினார்கள். காசு முதலிலேயே வந்துவிடும், கூரியரில் போட்டுவிடுவோம். இனி எந்தக் கடைக்காரனிடமும் போய் நிற்க வேண்டாம் என்று நினைத்தேன். புது லேபிள் அச்சடித்தபோது, பின்பக்கம் போன் நம்பருக்குக் கீழே ‘எங்களிடம் நேரடியாக வாங்கினால் விலை குறைவு’ என்று ஒரு வரி சேர்த்தேன். வீட்டுக்காரர் முனகினார். பைக்கில் கடை கடையாகப் போய்ச் சரக்குப் போடுகிறவர் அவர். நான் காதில் வாங்கவில்லை.

ஸ்ரீவில்லிபுத்தூர் தேரடிப் பக்கம் ஒரு அண்ணாச்சி கடை. நாங்கள் தொழில் தொடங்கிய புதிதில், பேர் தெரியாத பொடி எதற்கு என்று எல்லோரும் விரட்டியபோது வாங்கி மாட்டியவர் அவர்தான். ஒரு பாக்கெட்டை உடைத்து வைத்துக்கொண்டு, வருகிறவர்கள் உள்ளங்கையில் துளி தட்டி ருசி பார்க்கச் சொல்வார். உடைத்த பாக்கெட்டுக்கும் எங்களுக்குக் காசு கொடுத்துவிடுவார்.

அந்தக் கடையில் வாரம் தவறாமல் காலியாகிற பாக்கெட் சரம், புது லேபிள் வந்த பிறகு அசையவே இல்லை. கடைசியில், சரக்கை வந்து எடுத்துக்கொண்டு போகச் சொல்லி அண்ணாச்சியே போன் செய்தார்.

சண்டை போடுவதற்காகத்தான் நானும் பைக்கில் ஏறினேன். கிருஷ்ணன்கோவில் வரைக்கும் கடைகளுக்குச் சரக்குப் போடுகிற ஆள் நாம், இவர் ஒருத்தர் என்ன பெரிய கொம்பா என்று வழியெல்லாம் கத்திக்கொண்டு போனேன். இறங்கும்போது வீட்டுக்காரர், “அவிய வயசானவுக. செத்த நேரம் வாய மூடிக்கிட்டு இரு,” என்றார்.

நான் வாயைத் திறப்பதற்குள் ஒரு பெண் வந்தார். அண்ணாச்சி வழக்கம்போல அவர் கையில் பொடியைத் தட்டினார். அந்தப் பெண் நக்கிப் பார்த்துவிட்டு நன்றாக இருக்கிறது என்றார். பாக்கெட்டைத் திருப்பிப் படித்தார், செல்போனில் படம் எடுத்தார், பொறவு வாரேன் என்று போய்விட்டார்.

அண்ணாச்சி கையில் ஒட்டியிருந்த பொடியைத் துண்டில் துடைத்தார்.

“பாத்தியா தாயி. ருசி காட்டுறது நானு, விக்கது நீயி. என் கடையில தொங்கிக்கிட்டே என் கடைக்கு வராதன்னு சொல்லுது உன் பாக்கெட்டு.”

அந்த நேரம் பார்த்து என் போன் டிங் என்றது. அந்தப் பெண்தான். ஒரு பாக்கெட் வேண்டும், ஸ்ரீவில்லிபுத்தூருக்கு அனுப்புவீர்களா என்று கேட்டிருந்தார். எட்டிப் பார்த்தால் பக்கத்துப் பூக்கடையில் நிற்கிறார். ஒரு பாக்கெட்டைக் கூரியரில் போட்டால் பொடி விலைக்குச் சமமாகக் கூரியருக்கே போய்விடும். யாருக்கும் ஒன்றும் மிஞ்சாது. இது எனக்குத் தெரியாததா? ஆத்திரம் கண்ணை மறைத்திருந்தது.

இப்போது நின்ற கடையிலேயே வாங்கிக்கொள்ளுங்கள் என்று பதில் போட்டேன். அவர் திரும்பி வந்து, என்னையும் என் போனையும் பார்த்தார்.

“விலை கொறைவுன்னு போட்டிருக்கே?”

“போட்டது நான்தான். கொறச்சுக் குடுங்க அண்ணாச்சி, என் பங்குல கழிச்சுக்கிடுங்க,” என்றேன்.

அண்ணாச்சி குறைத்துத்தான் கொடுத்தார். என் பங்கில் கழிக்கவில்லை. கேட்டதற்கு, “ஏட்டி, போ அங்கிட்டு,” என்றார். சொந்த மகளைத் திட்டுவது போல இருந்தது. தொங்கிய சரத்தை எல்லாம் அவிழ்த்துப் பையில் போட்டுக்கொண்டு கிளம்பினோம்.

புகார் சொல்ல நம்பர் லேபிளில் இருக்க வேண்டும், அது சட்டம். அதனால் நம்பரை விட்டுவிட்டு, அந்த வரியை மட்டும் எடுத்துவிட்டு மறுபடி அச்சடித்தோம். எங்களிடம் வாங்கினாலும் கடை விலைதான், கூரியர் தனி. வெளியூருக்கு நாங்கள் அனுப்புகிறோம். உள்ளூரில் யார் கேட்டாலும் பக்கத்துக் கடையைச் சொல்லிவிடுகிறோம். எலி கடித்ததை ரிட்டன் தருகிற கடைக்காரர்கள் மேல் எனக்குக் கோபம் இன்னும் தீரவில்லை. அது வேறு.

புது லேபிள் வந்ததை அண்ணாச்சிக்கு வீட்டுக்காரர் சொல்லியிருப்பார் போல. ஒரு காலையில் எனக்கே போன் வந்தது.

“இட்லிப்பொடி ரெண்டு சரம் போட்டு விடு. ருசி காட்ட தனியா ஒண்ணு.”

அந்த ஒன்றுக்குக் காசு வேண்டாம் என்றேன். அதற்குள் போனை வைத்துவிட்டார்.